புதுப்பிப்பு: சம்பளம் உயர்த்திக் கேட்ட மின்னஞ்சலுக்குப் பதில் வந்துவிட்டது

முன்பு கேட்டது: "ஆஃபர் கடிதம் வந்திருக்கிறது, எதிர்பார்த்ததைவிடக் குறைவு. எழுத்தில் எப்படிக் கேட்பது?"

எழுதிய எல்லோருக்கும் நன்றி. "வேறு ஆஃபர் இருப்பதாகச் சொல்லுங்கள்" என்பதை நான் ஏற்கவில்லை. இல்லாத கடிதத்தைக் காட்டச் சொன்னால் நம்பிக்கையே போய்விடும். ஆட்சேர்ப்பில் இருக்கும் அக்கா சொன்ன "வரம்பு வேண்டாம், ஒரே எண்" என்பதுதான் உதவியது. 10 முதல் 15 சதவீதம் என்றால் அவர்கள் காதில் 10 மட்டும்தான் விழும்.

அனுப்பியது இது:

"வாய்ப்புக்கு நன்றி. இந்தக் குழுவில் சேர விரும்புகிறேன். நேர்காணலில் பேசியபடி, புதியவர்களுக்குப் பயிற்சி தரும் பொறுப்பும் இதில் உண்டு. அதைக் கருதி அடிப்படைச் சம்பளத்தை 12 சதவீதம் உயர்த்த முடியுமா? முடிந்தால் உடனே கையெழுத்திடத் தயார்."

வீட்டுச் செலவைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அவர்கள் எடைபோடுவது வேலையைத்தான்.

பதில்: அடிப்படையில் 7 சதவீதம், கூடவே சேரும்போது ஒருமுறை போனஸ். சரி என்றேன். ஆனால் திருத்திய கடிதம் கைக்கு வந்த பிறகுதான் பழைய வேலையில் ராஜினாமா. ஓராண்டுக்குள் விலகினால் போனஸைத் திருப்பித் தரவேண்டுமா என்றும் கேட்டிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.

வருடாந்திர உயர்வு பற்றிக் கேட்ட தம்பிக்கு: உங்கள் கையில் ஆஃபர் கடிதம் இல்லை, அதனால் என் மின்னஞ்சலில் உள்ள "உடனே கையெழுத்திடத் தயார்" என்ற கடைசி வரி உங்களுக்குப் பொருந்தாது.