வெள்ளைச் சங்கு, 240 படம்: ஆக்‌ஷன் ஓடுது, விளிம்பு போகுது

எல்லாருக்கும் வணக்கம். கன்னியாகுமரியில் எங்க சங்கு, சிப்பிக் கடைக்காக 240 படம் எடுத்தேன். எல்லாம் ஒரே டிரைபாடு, ஒரே வெள்ளைத் துணி. பின்னணியை மொத்தமா வெளிர்சாம்பலா மாத்தணும்.

முதலில் போட்டோஷாப் ஆக்‌ஷனில் கையால் வரைந்த செலக்‌ஷனைப் பதிவு பண்ணினேன். எல்லாப் படத்தையும் அது ஒரே இடத்தில் வெட்டிட்டு. அதை எடுத்துட்டு `Select Subject` போட்டேன். அது ஒவ்வொரு படத்தையும் புதுசா பார்க்குது. அப்புறம் மாஸ்க், அடியில் சாம்பல் லேயர், `Batch`. சிப்பி ஒட்டின கண்ணாடிச் சட்டமெல்லாம் அருமையா வந்துட்டு.

வெள்ளைச் சங்கில்தான் சிக்கல். வாயோரத்து மெல்லிய வளைவு துணியோட சேர்ந்து போயிடுது. அடியில் கறுப்பு லேயர் வச்சுப் பார்த்தா எலி கடிச்ச மாதிரி இருக்கு. நீல சார்ட்டில் மறுபடி எடுத்துப் பார்த்தேன். பாலிஷ் போட்ட வயிற்றில் நீலம் அடிக்குது.

கெட்ட படத்தை ஸ்கிரிப்டே தனி ஃபோல்டருக்கு ஒதுக்கினா மீதியைக் கையால் திருத்திடுவேன். இதை முயற்சி பண்ணினேன்:

```
var b = app.activeDocument.selection.bounds;
```

இது வெளி எல்லையை மட்டும்தான் தருது, உள்ளே விழுந்த பள்ளம் தெரியலை. செலக்‌ஷனோட பரப்பளவையே கணக்கிட யாராவது எழுதியிருக்கீங்களா? இல்ல, அடர்சாம்பல் துணியில் மறுபடி எடுக்கிறதுதான் சரியா? செய்து பார்த்தவங்க சொல்லுங்க.