"21 நகரங்களில் நிலத்தடி நீர் தீர்ந்துவிடும்": மூலத் தரவு தேட உதவி வேண்டும்

நண்பர்களே, நகர்ப்புற நீர் பற்றிய ஒரு வெள்ளை அறிக்கை வெளியாகும் முன் அதைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வரியில் நிற்கிறேன்: "சென்னை உட்பட 21 நகரங்களில் 2030க்குள் நிலத்தடி நீர் தீர்ந்துவிடும்." அடிக்குறிப்பில் ஒரு செய்திக் கட்டுரை மட்டும்தான் இருக்கிறது.

பின்னோக்கிப் போனால், நிதி ஆயோக் 2018இல் வெளியிட்ட நீர் மேலாண்மைக் குறியீட்டு அறிக்கையில் இது வருகிறது. ஆனால் அதில் இருக்கும் ஆண்டு 2020. அதே அறிக்கையில் குடிநீர் பற்றிய வேறொரு கணிப்புக்குத்தான் 2030 வருகிறது. இரண்டும் எங்கோ கலந்துவிட்டன என்று நினைக்கிறேன்.

ஆண்டைத் திருத்தினால் போதாது. மத்திய நிலத்தடி நீர் வாரியம் கணக்கிடுவது ஆண்டுதோறும் ஊறும் நீரில் எவ்வளவு எடுக்கிறோம் என்பதை. அது 100 சதவீதத்தைத் தாண்டினால் 'அதிநுகர்வு' என்கிறார்கள். கவலைக்குரியதுதான், ஆனால் கீழே தேங்கியிருக்கும் ஆழ்நீர் அந்தக் கணக்கில் சேராது. அதனால் அந்த விகிதத்தை வைத்து "தீர்ந்துவிடும்" என்று எழுத முடியாது.

இந்த 21 நகரங்களின் பட்டியல் எந்த மதிப்பீட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்று யாருக்காவது தெரியுமா? அப்புறம், தமிழ்நாட்டில் மதிப்பீட்டு அலகு முன்பு பிர்கா என்னும் வருவாய்ப் பிரிவாக இருந்ததால், சென்னைக்கு எந்தப் பக்கத்தைக் காட்டி மேற்கோள் தருவது? அந்த அட்டவணைகளை நேரடியாகக் கையாண்டவர்கள் சொன்னால் பெரிய உதவி.

இப்போதைக்கு, "ஊறுவதைவிட அதிகம் எடுக்கப்படுகிறது" என்று மாற்றி, மதிப்பீட்டு ஆண்டையும் சேர்க்கலாம் என்றிருக்கிறேன். இதில் பிழை தெரிந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.