எங்கள் வீட்டுக் குழுவில் ஒரு மாலை: 561 பெரிதா, 533 பெரிதா?

செல்வி: இலக்கியா 600க்கு 561. கவின் 533. ஆனால் இரண்டு பேருக்கும் இன்ஜினியரிங் கட்ஆப் 183.5 என்று கவின் சொல்கிறான். 28 மார்க் எங்கே போனது? மல்லிகா, கொஞ்சம் பார்த்துச் சொல்.

ரவி: அக்கா, தமிழும் இங்கிலீஷும் கட்ஆப்பில் வராது. அதுதான் விஷயம். மற்றபடி கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி மூன்றும் சமம்.

மல்லிகா: முதல் பாதி சரி அண்ணா, சமம் என்பது சரியில்லை. கணக்கு முழுசாக 100க்கு வரும். மற்ற இரண்டும் பாதிப் பாதி, 50 + 50. மொத்தம் 200. இப்போது பாருங்கள்.

```
கவின்:      97 + 86/2 + 87/2 = 183.5
இலக்கியா:  91 + 92/2 + 93/2 = 183.5
```

மூன்று பாடத்தையும் அப்படியே கூட்டினால் அவனுக்கு 270, இவளுக்கு 276. பிசிக்ஸிலும் கெமிஸ்ட்ரியிலும் இவள் எடுத்த 12 மார்க் கூடுதல், பாதியாகி 6 ஆகிவிட்டது. கணக்கில் அவன் எடுத்த 6 அப்படியே நின்றது.

சுதா: அப்போ இரண்டு பேருக்கும் ஒரே ரேங்க்கா?

மல்லிகா: இல்லை அக்கா. கட்ஆப் சமமாக இருந்தால் கணக்கில் யார் அதிகம் என்று பார்ப்பார்கள். கவின் முன்னே போய்விடுவான். அதுவும் சமமானால் பிசிக்ஸ், அப்புறம் நான்காவது பாடம் என்று போகும். கடைசியில் பிறந்த தேதி, அதுவும் ஒன்றானால் ரேண்டம் எண்.

கவின்: ஒரே கட்ஆப்பில் அவ்வளவு பேரா இருப்பார்கள் சித்தி?

மல்லிகா: ஸ்டேட் போர்டில் மார்க் முழு எண். அதனால் கட்ஆப் அரை அரையாகத்தான் நகரும். 80லிருந்து 200 வரை எண்ணினால் 241 படிதான். அந்தப் படிகளில் சுமார் இரண்டு லட்சம் பேர் நிற்கிறார்கள். சராசரியாகப் படிக்கு 800 பேருக்கு மேல். எல்லாப் படியிலும் அதே கூட்டம் இருக்காதுதான், ஆனாலும் அரை மார்க் என்றால் எவ்வளவு தூரம் என்று புரியும்.

செல்வி: பக்கத்து வீட்டில், "எங்கள் பையன் சேர்ந்த காலேஜில் கட்ஆப் 190" என்கிறார்கள். அப்போ இலக்கியா அங்கே அப்ளை செய்யவே முடியாதா?

மல்லிகா: அது வேறு கட்ஆப் அக்கா. அந்தக் காலேஜில் போன வருஷம் கடைசியாக உள்ளே போன பிள்ளையின் மார்க். அதுவும் ஒவ்வொரு படிப்புக்கும் ஒவ்வொரு சமூகப் பிரிவுக்கும் தனித்தனி. கேள்வித்தாள் சுலபமாக இருந்த வருஷம் மேலே ஏறும், கடினமான வருஷம் இறங்கும். போன வருஷ மார்க்கை விட்டுவிட்டு, எந்த ரேங்க் வரை போனது என்று பாருங்கள். அதையும் வைத்து முடிவு செய்யாதீர்கள், சாய்ஸ் பட்டியலில் போட்டு வையுங்கள்.

ரவி: எங்கள் நிவேதா சிபிஎஸ்இ. அவளுக்கு மார்க்கைக் குறைத்துவிடுவார்கள் என்கிறார்கள்.

மல்லிகா: குறைக்க மாட்டார்கள் அண்ணா. ஸ்டேட் போர்டில் ஒரு பாடத்தின் முதல் மார்க் 100, அவர்கள் போர்டில் 95 என்று வையுங்கள். அந்த 95ஐ 100ஆக எடுத்துக்கொள்வார்கள். அவள் 76 வாங்கியிருந்தால் 80 ஆகும். ஆனால் அங்கேயும் யாராவது 100 வாங்கியிருந்தால் ஒன்றும் மாறாது. இப்படி மாற்றும்போதுதான் தசமத்தில் கட்ஆப் வரும், நம் பிள்ளைகளின் அரைப் படிகளுக்கு நடுவே போய் உட்காரும்.

ரவி: எங்கள் காலத்தில் கட்ஆப் 300க்கு. அதில் நுழைவுத் தேர்வு 100. 2007இல் அது போனதும்தான் எல்லாம் இந்த 200க்குள் வந்தது.

இலக்கியா: சித்தி, நான் அக்ரிக்கும் போடுகிறேன். அங்கேயும் 183.5தானா?

மல்லிகா: இல்லடா. அங்கே கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி நான்கும் பாதிப் பாதி. உனக்குப் பயாலஜி 95. நான்கையும் கூட்டினால் 371, கட்ஆப் 185.5. கவினுக்குப் பயாலஜி 90, கட்ஆப் 180. கால்நடை மருத்துவம் என்றால் பயாலஜி முழுசாக 100க்கு வரும், கணக்கு கிடையாது. உனக்கு 187.5, அவனுக்கு 176.5. இரண்டு பேரின் மார்க்ஷீட்டும் அதேதான். இன்ஜினியரிங்கில் அவன் முன்னே, மற்ற இரண்டிலும் நீ வெகு தூரம் முன்னே.

சுதா: கவினுக்கு பிசிக்ஸ் 86 என்பதை நம்பவே முடியவில்லை. மறுமதிப்பீடு போடலாமா?

மல்லிகா: முதலில் விடைத்தாள் நகல் வாங்குங்கள். பார்த்த பிறகுதான் மறுகூட்டலா, மறுமதிப்பீடா என்று முடிவு செய்ய முடியும். பிசிக்ஸில் 2 மார்க் கூடினால் கட்ஆப் 1தான் ஏறும்.

இலக்கியா: என் கணக்குத் தாள் நகல் வந்துவிட்டது சித்தி. பின்பக்கம் ஒரு கேள்விக்கு 2 போட்டிருக்கிறார்கள், முதல் பக்கக் கட்டத்தில் அந்த 2 இல்லை. மூன்று முறை கூட்டிப் பார்த்தேன், 93 வருகிறது.

மல்லிகா: அப்படியானால் மறுகூட்டல் போடு. கணக்கு என்பதால் 2 முழுசாக வரும், 185.5 ஆகிவிடும்.

கவின்: அப்போ நான் பின்னே போய்விடுவேனா!

செல்வி: அதற்குக் கடைசித் தேதி எப்போ? ரவி, நாளைக்குக் காலையில் இவளை ஸ்கூலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறாயா?

ரவி: ஒன்பது மணிக்கு வருகிறேன் அக்கா. நகலை மறக்காமல் எடுத்து வைக்கச் சொல்.