மூன்றரை மாதக் குழந்தைக்குக் கூழ்: பால் போதவில்லையா, போதவில்லை என்று தோன்றுகிறதா?

கயல்_அம்மா: என் மகளுக்கு மூன்றரை மாதம். தாய்ப்பால் மட்டும்தான். இரண்டு வாரமாக மார்பு கனப்பதே இல்லை, தளர்ந்தே இருக்கிறது. சாயங்காலம் ஆனால் முக்கால் மணிக்கொரு தடவை பாலுக்கு அழுகிறாள், கையைச் சப்பிக்கொண்டே இருக்கிறாள். நேற்று பம்ப் வைத்துப் பார்த்தேன், இருபது நிமிடத்தில் 40 மில்லிதான் வந்தது. மாமியார் கூழ் ஆரம்பிக்கச் சொல்கிறார். ஆரம்பிக்கலாமா?

மூணு_பிள்ளைக்காரி: தாராளமா ஆரம்பிம்மா. என் மூணு பிள்ளைக்கும் மூணாம் மாசமே கொடுத்தேன், ஒண்ணும் ஆகலை. வயிறு நிறைஞ்சா ராத்திரி தூங்கும். கை சப்புறதே பசிக்குத்தான். உன் மாமியார் அனுபவத்துல சொல்றாங்க.

எடைமேசை: கொஞ்சம் பொறுங்கள் கயல். நான் குழந்தை எடை பார்க்கும் பிரிவில் பதினெட்டு வருடமாக செவிலியர். நீங்கள் சொன்ன நாலு விஷயத்தில் ஒன்றுகூடப் பால் குறைந்ததற்கு அடையாளம் இல்லை. மூன்று கேள்வி. பிறந்த எடை என்ன, கடைசி இரண்டு எடை என்ன, எந்தத் தேதியில்? ஒரு நாளைக்கு எத்தனை தடவை சிறுநீர் போகிறாள்? பம்ப் வைத்தது பால் கொடுத்ததற்கு முன்னாலா, பின்னாலா?

குட்டி_சேட்டை: என் பையனுக்கும் இதே பிரச்சினைதான். ஒரு வயசு ஆகுது, சாப்பாட்டைத் துப்பிட்டுப் பால்தான் வேணும்ங்கறான். பாலை நிறுத்திடலாமா?

எடைமேசை: உங்களுடையது வேறு கதை. தனி இழையில் போடுங்கள், வருகிறேன். நிறுத்த மட்டும் வேண்டாம்.

கயல்_அம்மா: பிறந்தபோது 2.9 கிலோ. மூன்று மாதம் முடிந்த அன்று 5.4. இன்று அதே தராசில், துணியில்லாமல் போட்டது 5.68. நடுவில் 15 நாள். சிறுநீர் ஏழு எட்டுத் தடவை. பம்ப் வைத்தது அவள் குடித்து முடித்த கையோடு. ஆனால் முதல் மூன்று மாதம் போல இப்போது எடை ஏறவில்லையே, அதுதான் பயம்.

எடைமேசை: கணக்குப் போடுவோம். முதல் மூன்று மாதத்தில் இரண்டரைக் கிலோ, அதாவது நாளைக்கு 27 கிராம் போல. இந்த 15 நாளில் 280 கிராம், நாளைக்கு 19. குறைந்திருக்கிறது, உண்மை. ஆனால் எல்லாக் குழந்தைக்கும் இந்த வயதில் அந்த வேகம் குறையும். 2006-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வளர்ச்சிக் கோட்டிலேயே அந்த வளைவு இருக்கிறது. அதற்கு முந்தைய பழைய அட்டவணை பெரும்பாலும் புட்டிப்பால் குடித்த குழந்தைகளை வைத்துப் போட்டது. அதோடு ஒப்பிட்டதால் நன்றாகக் குடிக்கும் பிள்ளைகளும் மூன்று மாதத்துக்கு மேல் பின்தங்குவதுபோலத் தெரிந்தார்கள். எத்தனை தாய்களைப் பயமுறுத்தி அனுப்பியிருப்போமோ!

மார்பு கனக்காதது, ஆரம்ப வீக்கம் வடிந்து குழந்தை கேட்கும் அளவுக்குச் சுரப்பு பழகியதால். கை சப்புவது மூன்று மாதத்து வேலை, வயிறு நிறைந்த பிள்ளையும் சப்பும். குடித்து முடித்த மார்பில் 40 மில்லி வந்தால் எனக்குச் சந்தோஷம்தான். பம்ப் குழந்தையைப்போல இழுக்காது.

மூணு_பிள்ளைக்காரி: எண்ணெல்லாம் சரி. ராத்திரி முழிச்சுக் கிடக்கிறது யாரு, நீங்களா?

தரவு_அப்பா: மூணு பிள்ளைக்காரி அம்மாவுக்கு ஆதரவாக ஒரு தகவல். இங்கிலாந்தில் மூன்று மாதத்திலிருந்தே திட உணவு கொடுத்துப் பார்த்த ஆய்வில் அந்தக் குழந்தைகள் அதிகம் தூங்கினார்கள், 2018-இல் வெளிவந்தது. 2015-இல் வேர்க்கடலை ஆய்வு, சீக்கிரம் கொடுத்தவர்களுக்கு ஒவ்வாமை குறைந்தது. ஐரோப்பிய குழந்தை மருத்துவர்களே நாலு மாதத்துக்கு மேல் கொடுக்கலாம் என்கிறார்கள். ஆறு மாதம் என்பது பழைய பாட்டு.

எடைமேசை: பாதி சரி. அந்தத் தூக்கம் ஓர் இரவுக்கு அதிகபட்சமாகப் பதினேழு நிமிடம் போல. விடியவிடியத் தூங்கும் என்பவருக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள். வேர்க்கடலை ஆய்வில் சேர்த்தது நாலிலிருந்து பதினோரு மாதம் வரையான, கடுமையான தோல் அரிப்போ முட்டை ஒவ்வாமையோ இருந்த குழந்தைகளை. அப்படி ஒரு பிள்ளை உங்களுக்கு இருந்தால் மருத்துவரிடம் பேசுங்கள். கயலின் கேள்வி அதுவல்ல. நாலு மாதம் என்பது அதற்கு முன்னால் கூடாது என்ற எல்லை. அவள் இன்னும் அதைத் தொடவில்லை.

கூழ் கொடுத்தால் நடப்பதைச் சொல்கிறேன், நான் வாரா வாரம் பார்ப்பது. தாய்ப்பாலில் 100 மில்லிக்கு 65 கலோரி போல. இந்த வயதுக் குழந்தை விழுங்குகிற மாதிரி நீர்க்கக் கரைத்த கூழில் அதில் பாதி வந்தால் பெரிது. வயிறோ சின்னது. கூழ் புகுந்த இடத்தில் ஒரு வேளைப் பால் நிற்கும். மார்பில் பால் தங்கத் தங்கச் சுரப்பு குறையும். பத்து நாளில் பால் நிஜமாகவே குறைந்துவிடும், எடையும் நிற்கும். அப்போது வீட்டில் சொல்வார்கள்: பார், நாங்கள் அன்றைக்கே சொன்னோம்.

அரும்பு: எடைமேசை சொல்வது சரி, ஆனால் எல்லாருக்கும் "பயப்படாதே, பால் இருக்கிறது" என்றே சொல்லிவிடாதீர்கள். என் மகன் நாலாம் மாதம் முழுக்க 150 கிராம்தான் ஏறினான். சிறுநீர் மூன்று நாலு தடவை, மஞ்சளாக. என் அம்மா மட்டும் ஏதோ சரியில்லை என்றார், எல்லாரும் அவரை அடக்கினோம். கடைசியில் பார்த்தால், கருத்தடை மாத்திரை ஆரம்பித்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. ஈஸ்ட்ரோஜன் கலந்த வகை, பால் சுரப்பைக் குறைக்குமாம். மருத்துவர் மாத்திரையை மாற்றினார். மூன்று வாரம் ஒவ்வொரு தடவையும் தாய்ப்பால் முடிந்ததும் புட்டிப்பால் கொஞ்சம் கொடுத்தோம், பிறகு குறைத்தோம்.

எடைமேசை: உங்கள் அம்மா கவனித்தது சரி, அரும்பு. நானும் எடை கேட்காமல் யாருக்கும் தைரியம் சொல்வதில்லை. தைராய்டு, முன்பு மார்பில் நடந்த அறுவை, குழந்தை சரியாகக் கவ்வாதது என்று நிஜக் காரணங்கள் இருக்கின்றன. உங்களுக்குக் கொடுத்தது பால், கூழ் இல்லை என்பதையும் கவனியுங்கள். இந்த வயதில் குறைந்தால் பாலால்தான் நிரப்ப வேண்டும்.

கயல்_அம்மா: உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இன்னும் மூன்று வாரத்தில் வேலைக்குத் திரும்புகிறேன், ஒன்பது மணி நேரம் வெளியே. மாமியார்தான் பார்த்துக்கொள்வார். பால் எடுத்து வைக்க வரவில்லை என்றதும்தான் கூழ்ப் பேச்சே வந்தது.

எடைமேசை: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! ஒன்பது மணி நேரத்துக்கு 300, 350 மில்லி இருந்தால் போதும். விடிகாலை அவள் ஒரு பக்கம் குடிக்கும்போது மறுபக்கம் பம்ப் வையுங்கள், அப்போதுதான் அதிகம் வரும். இப்போதிருந்து நாளொன்றுக்கு ஒரு தடவை போதும். வேலையில் மூன்று தடவை எடுங்கள், ஒன்றைத் தவறவிட்டால் சுரப்பு காட்டிக்கொடுத்துவிடும். எடுத்த பால் 25 டிகிரிக்குள் நாலு மணி நேரம், குளிர்ப்பெட்டியில் நாலு நாள். வேலையிடத்தில் எடுக்க இடமே தராவிட்டால் அந்த இடைவெளிக்குப் புட்டிப்பால், டப்பாவில் போட்ட அளவுக்கே கரைத்து. மாவை மிச்சம் பிடிக்க நீர்க்கக் கரைத்து எடை குறைந்து வந்த பிள்ளைகள் ஏராளம்.

தரவு_அப்பா: என் பிள்ளைக்கு நாலரை மாதம், கன்னமெல்லாம் அரிப்பு. நான் காத்திருக்கப் போவதில்லை.

எடைமேசை: காத்திருக்கச் சொல்லவில்லை, காட்டச் சொல்கிறேன்.

கயல்_அம்மா: எடைச் சீட்டைக் காட்டினேன். மாமியார் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, "சரி, அப்புறம் ஆறு மாசம்னா எண்ணி 180 நாளா?" என்கிறார்.

எடைமேசை: ஆமாம், 180 நாள்தான் கணக்கு. ஒரு நாள் முன்பின் ஆனால் குடிமுழுகாது. தாங்கிப் பிடித்தால் உட்கார்ந்து, தலை நிற்க, கரண்டியை நாக்கால் தள்ளாமல் இருக்கிறாளா என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் ஏழு எட்டு மாதத்துக்குத் தள்ளிவிடாதீர்கள். பிறக்கும்போது கொண்டுவந்த இரும்புச்சத்து அதற்குள் தீரும், பாலில் அது கொஞ்சம்தான். முதல் வாரங்களிலேயே முட்டை, இறைச்சி, பருப்பு என்று கெட்டியாக மசித்து வையுங்கள். கரண்டியைச் சாய்த்தால் வழியக்கூடாது.

மூணு_பிள்ளைக்காரி: அதான் நான் சொன்ன கூழ்! நாள்தான் தள்ளிப் போகுது.