அசைவூட்டக் கலைஞருக்கான மின்னஞ்சலில் ஒரு வரி இடிக்கிறது

சுங்கை சிப்புட்டில் சிறிய காணொளி நிறுவனம் நடத்துகிறேன். வாடிக்கையாளருக்கான 60 விநாடி விளக்கப் படத்துக்கு, தனித்துப் பணிபுரியும் அசைவூட்டக் கலைஞர் ஒருவரை அமர்த்துகிறேன். வேலை திங்களன்று தொடங்க வேண்டும். உடன்பாட்டு மின்னஞ்சல் இன்னும் முடியவில்லை.

தொகை 3,600 ரிங்கிட்: முன்பணம் 40%, அனிமேட்டிக் எனும் மாதிரி முன்னோட்டத்தின் ஒப்புதலில் 30%, இறுதிக் கோப்பில் 30%. வாடிக்கையாளர் எனக்குத் தாமதமாகக் கொடுத்தாலும் கலைஞர் காத்திருக்கக் கூடாது என்பதால், விலைச்சீட்டு வந்த 7 நாளில் கொடுப்பதாக எழுதினேன்.

முதலில் "இரண்டு திருத்தச் சுற்றுகள்" என்று மட்டும் எழுதியிருந்தேன். மொத்தத்துக்கா, கட்டத்துக்கா என்று கேட்டார், நியாயமான கேள்வி. கதைப்பலகைக்கு இரண்டு, அனிமேட்டிக்குக்கு இரண்டு, முழு அசைவூட்டத்துக்கு ஒன்று என்று பிரித்தேன். வாடிக்கையாளர் தரப்பில் மூவர் கருத்துச் சொல்வார்கள். அவற்றை நான் ஒரே பட்டியலாக அனுப்புவதுதான் ஒரு சுற்று என்றும் சேர்த்தேன். ஒப்புக்கொண்டார்.

சிக்கல் இதுதான்: அனிமேட்டிக் ஒப்புதலுக்குப் பின் பின்னணிக் குரலை மாற்றினால் காட்சிகளின் நேரமே மாறிவிடும், வாயசைவை மீண்டும் செய்ய வேண்டும். அது திருத்தமல்ல, புதிய வேலை என்கிறார். நானும் ஏற்கிறேன். அவர் விநாடிக்கு 60 ரிங்கிட் கேட்கிறார். ஆனால் எழுத்து மட்டும் வரும் காட்சிக்கும் பாத்திரம் பேசும் காட்சிக்கும் உழைப்பு ஒன்றல்லவே.

இந்தக் கூடுதல் வேலைக்கு விநாடிக் கணக்கு, மணிக் கணக்கு இரண்டில் எதை மின்னஞ்சலில் எழுதுவது இருவருக்கும் நியாயமாக இருக்கும்?