ஒரே அளவுக்கு இரண்டு டாலரன்ஸ்: டிசைன் ஆபீஸுக்கு எப்படி எழுதுவது?

கேள்வி (தரப் பரிசோதகர்)

பம்ப் ஷாஃப்ட் ட்ராயிங் ஒன்றில் சிக்கல். பேரிங் உட்காரும் இடத்துக்கு முன்பார்வையில் 25 k6 என்று இருக்கிறது. அதே தாளில் A-A செக்ஷனில் 25, மேலே 0, கீழே -0.013. முதலாவதின்படி 25.002 முதல் 25.015 வரை இருக்கலாம். இரண்டாவதின்படி 24.987 முதல் 25.000 வரை. கிரைண்டிங் முடிந்து வந்த 60 ஷாஃப்டும் 25.006க்கும் 25.011க்கும் நடுவே நிற்கின்றன. ஒன்றைப் பார்த்தால் எல்லாமே பாஸ், இன்னொன்றைப் பார்த்தால் எல்லாமே ரிஜெக்ட்.

லாட்டை ஹோல்டில் வைத்துவிட்டேன். டிசைனுக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: "ட்ராயிங்கில் தவறு உள்ளது. பேரிங் அளவைத் திருத்தி அனுப்பவும்." இது போதுமா?

மெஷின்ஷாப்

இரண்டு டாலரன்ஸ் இருந்தால் இறுக்கமானதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே? நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

கேள்வி கேட்டவர்

இரண்டுக்குமே அகலம் 13 மைக்ரான்தான் சார். இறுக்கமானது எது? தவிர, ஒன்று முடிந்த பிறகுதான் மற்றது தொடங்குகிறது. பொதுவான அளவு ஒன்றுகூடக் கிடையாது.

பழைய ஃபிட்டர்

பேரிங் 6205ஆ? அப்படியென்றால் யோசிக்கவே வேண்டாம், k6தான். பேரிங்கின் உள்விட்டம் 25.000இலிருந்து 24.990 வரை வரும். ஷாஃப்டை 24.987க்கு அரைத்தால் பேரிங் லூஸாக நிற்கும், ஓட ஓட உள்வளையம் ஷாஃப்ட் மேல் நழுவித் தேய்த்துவிடும். செக்ஷனில் உள்ளது டைப்பிங் பிழை. பாஸ் பண்ணி அனுப்புங்கள்.

குவாலிட்டி தம்பி

டாலரன்ஸ் போடாத அளவுக்கு ஐஎஸ்ஓ 2768 பார்க்க வேண்டும். மீடியம் என்றால் 25க்கு ±0.2. எங்கள் கஸ்டமர் அதை ஒத்துக்கொண்டார்.

கேள்வி கேட்டவர்

தம்பி, இங்கே பிரச்சினை டாலரன்ஸ் இல்லாதது அல்ல, இரண்டு இருப்பது.

வரைபட மேசை

ஃபிட்டர் அண்ணன் பேரிங்கைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் செக்ஷனில் உள்ளது பிழை என்று எப்படி முடிவுகட்டினார்? A-A வெட்டுக்கோடு ஷாஃப்டில் சரியாக எந்த இடத்தில் போகிறது என்று முதலில் பாருங்கள். பேரிங்கை அடுத்து மெக்கானிக்கல் சீல் வருகிறதா? சீல் உட்காரும் இடத்துக்கு வழக்கமாக h6 கேட்பார்கள். 25க்கு h6 என்றால் 0, -0.013. உங்கள் செக்ஷனில் இருப்பது அப்படியே அதுதான்.

கேள்வி கேட்டவர்

இதை நான் யோசிக்கவில்லை. வெட்டுக்கோடு பேரிங் இடத்துக்கும் சீல் இடத்துக்கும் நடுவில் இருக்கும் அண்டர்கட் மேல் போகிறது, எந்தப் பக்கத்தைச் சொல்கிறது என்று தெரியவில்லை. சீல் பகுதியும் 25தான், முன்பார்வையில் அதற்குத் தனி அளவே போடவில்லை. இப்போது மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தேன், அங்கேயும் 25.008. முழு நீளத்தையும் ஒரே செட்டிங்கில் அரைத்திருக்கிறார்கள்.

வரைபட மேசை

அப்படியென்றால் கடிதத்தின் கேள்வியே வேறு. "எது சரி" என்று கேட்டால் ஒருவர் போனில் "k6" என்று சொல்லிவிடுவார், சீல் பகுதி அப்படியே போய்விடும். எந்த அளவு எந்தப் பரப்புக்கு என்று கேளுங்கள். தவறு என்ற வார்த்தையை எடுத்துவிடுங்கள், அது இன்னும் நிரூபணமாகவில்லை. ரிவிஷன் எழுத்தையும் கட்டாயம் எழுதுங்கள். அவர்கள் கையில் வேறு ரிவிஷன் இருக்கலாம்.

கேள்வி கேட்டவர்

இப்படி மாற்றியிருக்கிறேன்:

"வணக்கம். பம்ப் ஷாஃப்ட் ட்ராயிங், ரிவிஷன் B, தாள் 1. முன்பார்வையில் பேரிங் பகுதிக்கு 25 k6 (25.002–25.015). A-A செக்ஷனில் 25, 0/-0.013 (24.987–25.000). வெட்டுக்கோடு பேரிங் பகுதிக்கும் சீல் பகுதிக்கும் இடையிலுள்ள அண்டர்கட்டில் செல்வதால், இரண்டாவது அளவு எந்தப் பரப்புக்கு உரியது என்று தெரியவில்லை. சீல் பகுதிக்கு வேறு அளவு குறிக்கப்படவில்லை. பேரிங் பகுதி 25.006–25.011 உள்ளது. சீல் பகுதியில் இதுவரை அளந்தது 25.008. 60 எண்ணமும் ஹோல்டில் உள்ளன. இரு பகுதிகளுக்கும் உரிய டாலரன்ஸைத் தனித்தனியாக எழுத்தில் உறுதிசெய்து, ட்ராயிங்கைத் திருத்தி அனுப்பக் கோருகிறேன். பதில் வரும்வரை கிரைண்டிங் நிறுத்தப்பட்டுள்ளது. அளவீட்டுத் தாளும் குறியிட்ட ட்ராயிங் நகலும் இணைப்பில்."

பழைய ஃபிட்டர்

சரி, டைப்பிங் பிழை என்றது அவசரம்தான். ஆனால் நிறுத்தியது நல்லது. பெரியதாக இருப்பதை எப்போது வேண்டுமானாலும் அரைத்துக் குறைக்கலாம். பேரிங் பக்கத்தை இப்போதே 25.000க்குக் கீழே இறக்கிவிட்டு, அப்புறம் k6 என்று பதில் வந்தால், குரோம் ஏற்றி மறுபடி அரைக்க வேண்டும்.

மெஷின்ஷாப்

இதே ட்ராயிங்கில் முன்பு ஒரு லாட் போயிருக்குமே? அதன் சீல் பகுதியை யாராவது அளந்தார்களா?

கேள்வி கேட்டவர்

பழைய ரிப்போர்ட்டில் பேரிங் பகுதியின் அளவு மட்டும்தான் இருக்கிறது. அதையும் கடிதத்தில் ஒரு வரி சேர்க்கிறேன். டிசைனிலிருந்து இன்னும் பதில் இல்லை.