லீடர்போர்டில் சம புள்ளி வந்தால் யார் மேலே? பார்த்ததை எழுதுங்கள்

மழைக்குருவி
ரெடிஸ் ZSET-ல் லீடர்போர்டு ஓட்டியவர்களுக்கான திரி. என்னை இன்னும் உறுத்துவது ஒரே ஒரு திரை. போட்டி முடிய ஐந்து நிமிடம், முதல் பக்கத்தில் பாதிப் பேருக்கு 1500 புள்ளி. 98 என்று தொடங்கும் ஐடிகள் எல்லாம் மேலே, 10 என்று தொடங்குபவை கீழே. 1500-ஐ முதலில் தொட்டவர் அந்தக் கூட்டத்தின் அடியில் கிடக்கிறார். ஸ்கோர் சமமானால் ZSET உறுப்பினர் பெயரை பைட் வரிசையில்தான் அடுக்கும். ZREVRANGE அந்த வரிசையையும் சேர்த்தே திருப்பிப்போடும். ஆக, ஐடி பெரிதாக இருப்பவருக்குப் பரிசு. நீங்கள் இதை எப்படிச் சமாளித்தீர்கள்?

குமரன்77
இதுக்கு எதுக்கு இவ்வளவு யோசனை? நேரத்தைத் தசமத்தில் ஒட்டிவிட்டால் போதும். ஸ்கோர் 1500 என்றால் 1500-உடன் `1 - ts/1e10` கூட்டிப் போடுங்கள். முதலில் வந்தவருக்குத் தசமம் பெரிசு, அவர் மேலே நிற்பார். எங்கள் வினாடி வினாவில் இதுவரை பிரச்சினையே இல்லை.

செல்வி கே
குமரன், வினாடி வினா என்பதால்தான் பிரச்சினை வரவில்லை. ZSET ஸ்கோர் ஒரு டபுள். அதில் நம்பக்கூடியது பதினைந்து, பதினாறு இலக்கம். உங்கள் நேரமே பத்து இலக்கத்தைத் தின்கிறது. ஸ்கோர் ஏறக்குறைய ஐந்தேகால் லட்சத்தைத் தாண்டினால் கடைசி இலக்கங்கள் சத்தமில்லாமல் உருண்டுவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. அப்புறம் யாராவது அதே கீயில் ZINCRBY போட்டால் பழைய நேரத்தின் தசமம் அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கும். நேற்று 10 புள்ளி எடுத்தவர், இன்று 1500-ஐக் கடைசியாகத் தொட்டாலும் முன்னால் போவார்.

முழு எண்ணாகவே கட்டுவது நல்லது. டபுளில் 2^53 வரை முழு எண் பிசகாது. போட்டி தொடங்கியதிலிருந்து எத்தனை விநாடி என்பதற்கு 22 பிட் ஒதுக்கினால் 48 நாள் தாங்கும். ஸ்கோருக்கு 31 பிட் மிச்சம். கணக்கு இப்படி:

```
packed = score * 4194304 + (4194303 - t)
```

1500-ஐ 3600-வது விநாடியில் தொட்டவருக்கு 6295646703. ஒரு நிமிடம் கழித்துத் தொட்டவருக்கு 6295646643. முந்தியவர் மேலே, ஐடி எதுவானால் என்ன. மில்லி விநாடி வேண்டுமென்றால் ஒரு மாதப் போட்டிக்கே 32 பிட் போய்விடும்; அப்போது ஸ்கோர் 20 லட்சத்துக்குச் சற்று மேல்தான் போகலாம். 1970-லிருந்து எண்ணும் மில்லி விநாடியை அப்படியே திணிப்பவர்களுக்கு ஸ்கோருக்கு 12 பிட்தான் தேறும்.

நள்ளிரவு டிப்ளாய்
செல்வி சொன்ன கணக்கு சரி, ஆனால் அவிழ்க்கும் இடத்தில்தான் கை சுடும். Node.js-ல் `packed >> 22` என்று எழுதியிருந்தார்கள். ஜாவாஸ்கிரிப்ட் பிட் நகர்த்தலுக்கு முன் எண்ணை 32 பிட்டுக்கு வெட்டிவிடும். 1500 எடுத்தவருக்குத் திரையில் 476. வரிசை மட்டும் சரியாக இருந்ததால் ஒருவரும் உடனே கவனிக்கவில்லை. `Math.floor(packed / 4194304)` தான் வழி.

லுவா ஸ்கிரிப்டில் இன்னொன்று. எண்ணை `..` போட்டு ஒட்டினாலோ `tostring` கொடுத்தாலோ 14 இலக்கத்தோடு நின்றுவிடும். இந்தக் கட்டுமானத்தில் ஸ்கோர் ஏறக்குறைய 2.38 கோடியைத் தாண்டும்போதுதான் அது தெரியும். டெஸ்டில் யார் அவ்வளவு புள்ளி போடுகிறார்கள்? `string.format('%.0f', p)` என்று எழுதினால் தப்பும்.

ஆசிரியர் மணி
எங்கள் பள்ளியில் ரேங்க் பட்டியலுக்கு SQL-ல் `RANK()` போடுகிறோம். சம மதிப்பெண் என்றால் 1, 2, 2, 4 என்று வருகிறது. பெற்றோருக்கு 1, 2, 2, 3 வேண்டுமாம். எதைப் போடுவது?

செல்வி கே
மணி சார், உங்களுக்கு `DENSE_RANK()`. தேர்வு முடிந்த பட்டியலுக்கு அது போதும். இங்கே பேசுவது நொடிக்கு நொடி மாறும் பட்டியல். ஆனால் கேட்டதும் நல்லதுதான். நேரத்தைக் கட்டிய பிறகும் 1, 2, 2, 4 காட்ட முடியும். 1500 எடுத்தவருக்கு மேலே எத்தனை பேர் என்றால், 1501-இன் அடிமட்டத்திலிருந்து எண்ணுங்கள்:

```
ZCOUNT lb 6295650304 +inf
```

வந்த விடையோடு ஒன்று கூட்டினால் ரேங்க். ZCOUNT வரம்பின் இரு முனைகளின் இடத்தை மட்டும் பார்த்துக் கழிப்பதால் பட்டியல் எவ்வளவு நீளமானாலும் வேகம் பெரிதாகக் குறையாது. 1, 2, 2, 3 மாதிரி வேண்டுமென்றால் வெவ்வேறு ஸ்கோர்களுக்கு மட்டும் தனி ZSET வைத்து, ஒவ்வொரு ஸ்கோரிலும் எத்தனை பேர் என்று ஹாஷில் எண்ண வேண்டும். எண்ணிக்கை பூஜ்யமானதும் அந்த ஸ்கோரை நீக்க மறந்தால் ரேங்க் நாளுக்கு நாள் கனத்துக்கொண்டே போகும்.

வடக்குவாசல்
சம புள்ளியை விடுங்கள், கூட்டம் வந்தால் என்ன செய்வீர்கள்? ஒரு விளையாட்டில் விநாடிக்கு 20,000 அப்டேட். ரெடிஸ் சிபியு ஒரு கோர் முழுக்க நிரம்பி, ரேங்க் வர நாலு விநாடி. எல்லாரும் ZADD-ஐத்தான் சந்தேகப்பட்டார்கள். `SLOWLOG` காலி. `INFO commandstats` பார்த்தால் நேரம் முழுக்க ZREVRANGE. ஒவ்வொரு அப்டேட்டுக்கும் பின்னால் `ZREVRANGE lb 0 99` ஓடியது, அதாவது விநாடிக்கு 20 லட்சம் வரி வெளியே. முதல் நூறை விநாடிக்கு ஒருமுறை எடுத்து எல்லாருக்கும் அதையே அனுப்பியதும் அடங்கிவிட்டது.

கேட்காத யோசனை ஒன்று. கிளஸ்டரில் நோடு சேர்த்தால் சரியாகும் என்று நினைக்காதீர்கள். ஒரு கீ ஒரு ஸ்லாட்டில்தான், ஒரு நோடுதான் அடி வாங்கும். முதலில் ரெடிஸில் எழுதுவதைச் சேர்த்துப் பிடியுங்கள். விநாடிக்கு 20,000 அப்டேட் வந்தாலும் அந்த விநாடியில் ஆடுபவர்கள் 3,000 பேர் என்றால், ஆளுக்குக் கடைசி மொத்தத்தை மட்டும் சர்வர் நினைவில் வைத்து, விநாடிக்கு ஒருமுறை பைப்லைனில் தள்ளினால் 3,000 முறைதான் எழுத வேண்டும். ஆனால் t என்பது புள்ளி எடுத்த நேரமாக இருக்க வேண்டும். தள்ளிய நேரத்தைப் போட்டால் அந்தத் தொகுப்பில் சம புள்ளி எடுத்த அனைவருக்கும் ஒரே packed; மழைக்குருவி பார்த்த திரை திரும்ப வரும். கூட்டும் புள்ளியை அனுப்பாமல் மொத்தத்தை அனுப்பி `ZADD lb GT` போடுங்கள், 6.2 முதல் இருக்கிறது. நெட்வொர்க் அறுந்து இரண்டு முறை போனாலும் புள்ளி இரட்டிக்காது. இரண்டு சர்வர்களில் பழையது பிந்தி வந்தாலும் தோற்கும்.

அதற்கும் மேலே போனால் பயனர் ஐடியை ஹாஷ் செய்து எட்டு ZSET ஆகப் பிரிக்கலாம். ரேங்க் என்பது எட்டிலும் ZCOUNT எடுத்துக் கூட்டியது. முதல் நூறுக்கு ஒவ்வொன்றிலும் நூறு எடுத்து ஒன்றாக்க வேண்டும்.

நள்ளிரவு டிப்ளாய்
GT எல்லாருக்கும் ஒத்துவராது. ஏமாற்றியவரின் 200 புள்ளியைக் கழிக்கப் போனால் ரெடிஸ் பிழை காட்டாது, பழைய ஸ்கோர் அப்படியே இருக்கும். கழித்தலுக்கு GT இல்லாத தனிப் பாதை வேண்டும். அந்த நேரத்தில் நினைவில் தேங்கிய பழைய மொத்தம் பின்னால் வந்தால் GT அதையே ஏற்றிக்கொள்ளும்.

வடக்குவாசல்
கழித்தல் மாதம் நாலு வரும். அதற்காக ஸ்கோர் எழுதுவதை எல்லாம் லுவாவில் போடச் சொல்கிறீர்களா?

நள்ளிரவு டிப்ளாய்
அந்த நாலும் பரிசு வாங்குபவர்கள் மேல்தானே வரும்.

மழைக்குருவி
22 பிட் வழியை எடுத்துக்கொள்கிறேன். இன்னொன்று: t யாருடைய கடிகாரம்? இப்போது போனிலிருந்து வருகிறது. நேரத்தைப் பின்னால் தள்ளிவைத்தவர் சம புள்ளியில் ஜெயித்துவிடுவார். சர்வருக்கு வந்து சேர்ந்த நேரத்தை எடுத்தால் மெதுவான இணைப்பு உள்ளவர் தோற்பார். யாராவது இரண்டையும் சேர்த்து ஏதாவது செய்திருக்கிறீர்களா?